கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய தீர்ப்பு

ஹைதராபாத்தில் மூசி நதிக்கரையில் நிற்கும் உயர் நீதிமன்றத்திலிருந்து 1983 ஜூலையில் ஒரு தீர்ப்பு வெளிவந்தது. வழக்கில் ஒரு தரப்பு, தமிழ் ரசிகர்களுக்கும் அறிமுகமான நடிகை சரிதா. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி.ஏ.சவுத்ரி. சட்டம் படிக்கும் மாணவர்கள் அதன் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். அந்தப் படங்களிலிருந்து நாலு பத்தியில் எளிய தமிழில் சாரம் எழுத உட்காருபவருக்குப் பல இடங்களில் கால் இடறும்.

முதல் இடறல் படத்திலேயே. பழைய சட்டத் தொகுதிகள் ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகளாக அச்சிடப்பட்டவை. படத்தில் ஓரம் வெட்டுப்பட்டால் 'இல்லை' என்ற ஒரு சொல் மறைந்து, வாக்கியத்தின் பொருளே தலைகீழாகிவிடும். எனவே முதல் வேலை, பக்க எண்ணையும் பத்தி எண்ணையும் வரிசையாகச் சரிபார்ப்பது. எண் தாண்டினால் படத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. ஆரம்பத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தலைக்குறிப்பு நீதிபதி எழுதியதல்ல, தொகுதியின் பதிப்பாசிரியர் எழுதியது. அவசரக்காரர்கள் அதையே தீர்ப்பென்று எடுத்தாள்வதுண்டு.

அடுத்து, கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும். முடிவு தெரிந்த பிறகு படித்தால்தான் எந்த வாதம் அதைத் தாங்குகிறது, எது வழியில் சொல்லிப்போனது என்று பிரிக்க முடியும். இந்த வழக்கின் முடிவு: இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது, செல்லாது. பிரிந்துபோன கணவனோ மனைவியோ, மற்றவர் திரும்பி வந்து சேர்ந்து வாழ வேண்டும் என்று நீதிமன்றத்திடம் உத்தரவு கேட்க வழிசெய்யும் பிரிவு அது.

இனி நடந்த சம்பவங்கள். சரிதாவின் கணவர் என்று கூறிக்கொண்டவர், அவர் தன்னோடு வந்து வாழ உத்தரவிடக் கோரி கடப்பை சார்பு நீதிமன்றத்தில் மனு செய்தார். இருவரும் ஐந்தாண்டுகளுக்கு மேலாகப் பிரிந்து வாழ்ந்தவர்கள். இந்த மனுவை விசாரிக்கக் கடப்பைக்கு அதிகாரமில்லை என்று சரிதா ஆட்சேபித்தார். அங்கே அது எடுபடவில்லை. ஆகவே சீராய்வு மனுவோடு ஹைதராபாத்துக்கு வந்தார். 'என்று கூறிக்கொண்டவர்' என்ற சொற்களைச் சுருக்கத்திலிருந்து வெட்டக் கூடாது. சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கு மேலே வந்துவிட்டதால், சம்பவங்களாகத் தீர்ப்பில் இருப்பவை பெரும்பாலும் மனுவில் சொல்லப்பட்டவையே தவிர நிரூபணமானவை அல்ல.

கேள்விகள் இரண்டு. கடப்பைக்கு அதிகாரம் உண்டா என்பது ஒன்று. அந்த 9-ஆவது பிரிவே அரசியல் சட்டப்படி நிற்குமா என்பது மற்றொன்று. வழக்கைத் தொடங்கிவைத்தது முதல் கேள்வி. முடித்துவைத்தது இரண்டாவது. சுருக்கம் எழுதுபவர் இடத்தை அதற்குத்தான் ஒதுக்க வேண்டும்.

காரணங்கள் வரும் பகுதிதான் நீளமானது, ஆபத்தானதும்கூட. பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகள் வரிசையாக வருகின்றன. மேற்கோள் எங்கே முடிகிறது, நீதிபதியின் குரல் எங்கே தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றையும் வடிகட்டினால் மிஞ்சுவது இதுதான்: யாரோடு உடலுறவு கொள்வது, குழந்தை பெறுவதா வேண்டாமா என்பதை ஒரு பெண்ணின் கையிலிருந்து பிடுங்கி அரசிடம் கொடுக்கிறது இந்த உத்தரவு. அது 21-ஆவது பிரிவு தரும் அந்தரங்க உரிமையை மீறுகிறது. எழுத்தில் இருபாலருக்கும் பொதுவாக இருந்தாலும், கர்ப்பத்தைச் சுமப்பவள் பெண். ஆகவே நடைமுறையில் பாரம் அவள் மேல்தான் விழுகிறது. அதனால் சமத்துவம் பற்றிய 14-ஆவது பிரிவும் மீறப்படுகிறது. இந்தப் பரிகாரம் பழைய இந்து சட்டத்தில் இருந்ததல்ல, இங்கிலாந்தின் மத நீதிமன்றங்களிலிருந்து வந்தது என்பதும் தீர்ப்பில் உண்டு. இங்கிலாந்தே 1970-இல் சட்டமியற்றி அதைக் கைவிட்டுவிட்டது.

இவ்வளவையும் பிழையில்லாமல் எழுதி முடித்தாலும் சுருக்கம் தவறாகவே இருக்கும். அந்தப் பக்கங்களில் எங்கேயும் இல்லாத ஒரு செய்தி இருக்கிறது. அதே 1983-இல் டில்லி உயர் நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. 1984 ஆகஸ்டில் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் டில்லியின் பக்கம் நின்று, ஹைதராபாத் தீர்ப்பை ஏற்க மறுத்தது. 9-ஆவது பிரிவு பிழைத்துக்கொண்டது.

வக்கீல் நோட்டீஸோடு நிற்கும் ஒரு பெண், பாதிச் சுருக்கத்தை நம்பி 'அந்தப் பிரிவுதான் செத்துவிட்டதே' என்று நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். அவர் வராத நிலையிலேயே உத்தரவு பிறக்கலாம். அதன் பிறகும் ஓராண்டு சேர்ந்து வாழவில்லையென்றால், அதையே காரணமாக வைத்து விவாகரத்துக் கேட்கச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இடம் தருகிறது. சொல்லப்போனால் சரோஜ் ராணி வழக்கே இந்த வழியாக வந்ததுதான்: சேர்ந்து வாழும் உத்தரவைப் பெற்றவர் மனைவி, அதைக் காட்டி விவாகரத்துக் கேட்டவர் கணவர்.

ஆகவே இறுதி உத்தரவுக்குக் கீழே ஒரு வரி தேவை: 'இத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1984-இல் நிராகரித்துவிட்டது.' எந்தப் படத்திலும் இல்லாத அந்த வரியைத் தேடி எழுத வேண்டியவர் சுருக்குபவர்தான்.