நம்ம தரம் எத்தனை மைக்ரான்?

கோவையில் பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிஎன்சி லேத், ஒன்பது ஆட்கள். பில்லில் முக்கால்வாசி ஒரே கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனி ஆர்டரைக் குறைத்துவிட்டது. சொந்தப் பெயரில் மோனோபிளாக் பம்ப் செய்யலாமா, பக்கத்து நூற்பாலைகளுக்கு உதிரி ஷாஃப்ட், ரோலர் செய்யலாமா என்று முதலாளி யோசிக்கிறார். ஆடிட்டர் சொன்னார் என்று பலம், பலவீனம் எழுத உட்காருகிறார். பலத்தில் “நல்ல தரம், நேரத்துக்கு டெலிவரி, அனுபவம்” என்று எழுதுகிறார். பலவீனத்தில் “பணப் பற்றாக்குறை”யைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

இந்தத் தாளை எந்தப் பட்டறைச் சுவரிலும் ஒட்டலாம், அதுதான் இதன் குறை. எந்தப் பொருளுக்கு என்று சொல்லாமல் பலம் என்று ஒன்று கிடையாது. அடிக்கடி செட்டிங் மாற்றி இருபது உருப்படி போட்டுத் தரும் பழக்கம் ஆலை உதிரிக்குப் பெரிய பலம். மாதம் நூறு பம்ப் ஒரே மாதிரி வரவேண்டிய இடத்தில் அதற்கு மதிப்பே இல்லை. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தாள் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சாட்சியும் வேண்டும்.

டெலிவரிக்குச் சாட்சி, பர்ச்சேஸ் ஆர்டரில் கேட்ட தேதியும் டெலிவரி சலானில் உள்ள தேதியும். ஒரு வருடத்துச் சலான்களை எடுத்து ஒப்பிட ஒரு மத்தியானம் போதும். தரத்துக்குத் திரும்பி வந்த சரக்கின் கணக்கு மட்டும் போதாது. பழைய வாடிக்கையாளர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாங்கியிருக்கலாம், புது ஆள் அப்படி வாங்க மாட்டார். மெஷினைத்தான் கேட்க வேண்டும்.

காலையில் முதல் உருப்படியிலிருந்து முப்பது ஷாஃப்ட்டை ஆஃப்செட் தொடாமல் வரிசையாகக் கடைந்து, பேரிங் உட்காரும் 25 மி.மீ. விட்டத்தை அளக்க வேண்டும். 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர் இதற்கு ஆகாது, மைக்ரான் காட்டுவது வேண்டும். பெரியதுக்கும் சிறியதுக்கும் 19 மைக்ரான் வித்தியாசம் வருகிறது என்று வைப்போம். இந்த விட்டத்துக்கு h7 அளவு அனுமதிப்பது 21 மைக்ரான், h6 அனுமதிப்பது 13. அனுமதியில் முக்கால் பங்குக்குள், அதாவது 16 மைக்ரானுக்குள் நின்றால்தான் நிம்மதி. “நல்ல தரம்” h7-க்கே இழுபறியில் நிற்கிறது.

காரணம் முதலாளிக்குத் தெரியாது, ஆபரேட்டருக்குத் தெரியும். “அண்ணா, காலைல போட்டா ஒரு அளவு, மெஷின் சூடானப்புறம் ஒரு அளவுங்க.” ஸ்பிண்டில் சூடேறினால் அளவு நகரும். இருபது நிமிடம் வெறுமனே ஓட்டிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்தால் 14 மைக்ரானுக்கு இறங்கலாம். h7 கைக்கு வந்துவிட்டது. h6 வேண்டுமென்றால் கிரைண்டிங்குக்கு வெளியேதான் அனுப்ப வேண்டும். இந்த ஆபரேட்டர் முதலாளி இருக்கும் கூட்டத்தில் வாய் திறந்திருக்க மாட்டார். ஆட்களிடம் தனித்தனியாக, முதலாளிக்கு முன்பாகவே சீட்டில் எழுதி வாங்குவது அதற்காகத்தான்.

இனி பணம். ஜாப் ஒர்க்கில் பெரும்பாலும் கம்பியை கம்பெனியே தரும், நம் காசு அதிகம் முடங்காது. சொந்த பம்ப் அப்படியல்ல. ஒரு பம்ப்புக்கு 5,000 ரூபாய் செலவு, மாதம் நூறு என்றால் ஐந்து லட்சம். செய்ய ஒரு மாதம், டீலர் கடன் மூன்று மாதம் என்றால் இருபது லட்சம் எப்போதும் வெளியில் நிற்கும். வாரண்டி, ஐஎஸ்ஐ முத்திரைக்கான சோதனை வசதி எல்லாம் தனி. பட்டறையின் கையில் ஆறு லட்சம் இருந்தால் பேச்சு அங்கேயே முடிகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. உண்மைதான். ஆனால் முக்கால்வாசி வேலை தருகிறவர் மேல் யார் புகார் கொடுப்பார்கள்?

ஆலை உதிரியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பல நேரம் டிராயிங் வராது, தேய்ந்த பழைய ஷாஃப்ட்தான் வரும். தேயாத இடத்தை அளந்து, எந்த பேரிங் என்று பார்த்து, மூல அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பட்டறையில் அது ஃபோர்மேன் ஒருவருக்குத்தான் வரும். அனுபவம் பட்டறையிடம் இல்லை, அவரிடம் இருக்கிறது. அவர் ஒரு வாரம் லீவில் போனால் எத்தனை வேலை நின்றது என்பதே சாட்சி.

இந்தக் கணக்குகளின்படி பம்ப் இப்போதைக்கு வேண்டாம். உதிரியில் h7 வரை உள்ளதை மட்டும் எடுக்கலாம், கிரைண்டிங் வேலையை வெளியே கொடுக்கலாம். முதல் ஆர்டருக்கு முன்பே ஃபோர்மேன் பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்து, அளக்கும் ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் டிராயிங் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.