கையில் 60,000 ரூபாய் நின்றும் லாபம் பூஜ்யமா?

வேலந்தாவளத்தில் ஒரு விவசாயி சொந்த நிலத்தில் நெல் போட்டு, 1,50,000 ரூபாய்க்கு விற்கிறார் என வைத்துக்கொள்வோம். விதை, உரம், கூலி என 90,000 போக, கையில் நிற்கும் 60,000 கணக்கியல் லாபம்.

ஆனா, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வேற வேலைக்குப் போயிருந்தாலும் இதே 60,000 கிடைச்சிருக்குமே? அதையும் கழித்தால் பொருளாதார லாபம் பூஜ்யம். இது நஷ்டமல்ல. அந்த 60,000-தான் இயல்பு லாபம். அதற்குக் கீழே போனால் அவர் நெல்லையே விட்டுவிடுவார். அவரைத் தொழிலில் நிறுத்திவைக்க அவசியமான தொகை என்பதால்தான் அது செலவாகிறது.

மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு எடுக்கும் 'ஏ2+எஃப்எல்' கணக்கில் குடும்ப உழைப்பு உண்டு, சொந்த நிலத்தின் வாடகை இல்லை. 'சி2' கணக்கில் அதுவும் உண்டு. விவசாயிகள் சி2 கேட்பது இதனால்தான்.