முழுதாகப் போனால்தான் விடை

1974-இல் தலைவலிக்கென்றே வெளிவரும் ஒரு மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நார்வே நாட்டு மருத்துவர்கள் ஒட்டார் ஷோஸ்டாட், இங்கெ டாலே. தலைப்பில் ‘புதிய’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஒரு கேள்விக்குறியும் வைத்திருந்தார்கள். இது இதுவரை யாரும் சொல்லாத தலைவலிதானா என்பதில் அவர்களுக்கே தயக்கம் இருந்திருக்கிறது. ஆனால் அதே தலைப்பில் ‘சிகிச்சைக்குக் கட்டுப்படும்’ என்றும் எழுதியிருந்தார்கள். அதில் கேள்விக்குறி இல்லை.

அவர்கள் விவரித்த வலிக்குப் பின்னர் பராக்சிஸ்மல் ஹெமிக்ரேனியா என்று பெயர் வந்தது. தலையின் ஒரே பக்கத்தில், கண்ணைச் சுற்றியோ நெற்றிப் பொட்டிலோ, துளைத்தெடுக்கிற மாதிரி வலி வெட்டும். 2 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை நீடித்துவிட்டுச் சட்டென்று அடங்கும். அடங்கியது திரும்ப வரும். ஒரு நாளைக்கு ஐந்து முறைக்கு மேல், சிலருக்குப் பத்து, இருபது முறைகூட. வலிக்கும் பக்கத்துக் கண் மட்டும் சிவந்து நீர் வடியும், அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் அடைக்கும். சிலருக்குக் கழுத்தை ஒரு பக்கம் திருப்பினாலே வலி கிளம்பிவிடும்.

பத்து ஆண்டு கழித்து, 1984-இல், ஷோஸ்டாடும் ஸ்பீரிங்ஸ் என்ற மருத்துவரும் இதன் உறவுக்கார வலி ஒன்றை அடையாளம் காட்டினார்கள். அது ஹெமிக்ரேனியா கன்டின்யுவா. இதுவும் ஒரு பக்க வலிதான். ஆனால் விட்டு விட்டு வராது. வந்தால் போகவே போகாது. இரண்டுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. மூட்டு வலிக்கும் கௌட்டுக்கும் கொடுக்கிற இண்டோமெதசின் என்ற பழைய மாத்திரையைச் சரியான அளவில் கொடுத்தால் வலி அடியோடு போய்விடும். கொஞ்சம் குறைவது கணக்கில்லை. முழுதாகப் போக வேண்டும். சர்வதேசத் தலைவலி வகைப்பாடு இந்த இரண்டு நோய்களின் இலக்கணத்திலேயே அதைச் சேர்த்துவிட்டது. மருந்து வேலை செய்கிறதா என்பதே நோய் எது என்பதற்கான பரிசோதனை. மருத்துவத்தில் இப்படி அமைவது அபூர்வம்.

பரிசோதனை என்பதால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். எப்படி என்பதை ஒரு உதாரண நோயாளியை வைத்துப் பார்க்கலாம். இவர் தனி ஒருவர் அல்ல, பலருடைய அனுபவம் சேர்ந்த ஆள்.

நாற்பது வயதுப் பெண், தையல் வேலை. நான்கு வருடமாக இடது பக்கம் வலி. பெரும்பாலும் மந்தமாக இருக்கும். வாரத்தில் சில நாள் திடீரென்று ஏறி மணிக்கணக்கில் படுத்தும். அப்போது இடது கண்ணில் தண்ணீர் வரும், தூசி விழுந்த மாதிரி உறுத்தும். கண் டாக்டரிடம் போனார். கண்ணில் எதுவும் இல்லை. சைனஸ் என்றார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பிறகு மைக்ரேன் என்று மாத்திரை. அதில் உச்சம் கொஞ்சம் தணிந்ததே தவிர அடியில் இருந்த வலி அப்படியே இருந்தது.

நரம்பியல் டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி.

“வலி எப்பவாவது வலது பக்கம் வருமா?”

“இல்ல டாக்டர், எப்பவும் இடதுதான்.”

“காலையில எழுந்ததும், ராத்திரி தூங்கப் போகும்போது, ஏதாவது ஒரு நேரம் வலியே இல்லாம இருக்கா?”

அவர் சற்று யோசித்தார். “குறையும் டாக்டர். சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாது.”

மைக்ரேன் வந்து போகும், பலருக்குப் பக்கமும் மாறும். கிளஸ்டர் தலைவலியும் ஒரு பக்கத்தைப் பிடித்து, கண்ணைச் சிவக்க வைக்கும். ஆனால் ஒவ்வொரு தாக்குதலும் பொதுவாக கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை, எண்ணிக்கையும் குறைவு. பக்கம் மாறாமல், மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளியே இல்லாமல் வலித்தால் ஹெமிக்ரேனியா கன்டின்யுவாவை நினைக்க வேண்டும்.

மாத்திரைக்கு முன் எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூளையடிச் சுரப்பியில் கட்டி போன்றவை இதே வேஷத்தில் வரலாம். அந்த வலியும் இண்டோமெதசினுக்கு அடங்கக்கூடும் என்பதால், மாத்திரை கேட்டதை வைத்து ஸ்கேனைத் தவிர்க்க முடியாது. சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். வயிற்றுப்புண் இருந்ததா, ஆஸ்பிரின் போட்டால் மூச்சிரைக்குமா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாரா, கர்ப்பமா என்று விசாரித்தார்கள். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

முதல் சில நாள் 25 மில்லிகிராம், மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பிறகு 50 மில்லிகிராம், மூன்று வேளை. இரண்டாம் நாள் மதியம் மிஷினில் உட்கார்ந்திருந்தபோதுதான் இடது பக்கம் வெறுமையாக இருப்பதைக் கவனித்திருக்கிறார். இதிலும் அடங்காமலிருந்தால் 75 மில்லிகிராம், மூன்று வேளை வரை போயிருப்பார்கள். அதாவது பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 150, தேவைப்பட்டால் 225 மில்லிகிராம். அதற்கும் அசையாவிட்டால் நோய் வேறு.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். வயிற்றுக்குப் பயந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு 25 கொடுத்து, நான்கு நாளில் நிறுத்தி, ‘கேட்கவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால் அடுத்த டாக்டரும் இந்தப் பக்கம் வரமாட்டார். இன்னொரு தவறு, அதே இனம்தானே என்று டைக்ளோஃபெனாக்கையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்துப் பார்ப்பது. வீக்கத்தைக் குறைப்பதில் இவை எல்லாம் ஒரு குடும்பம்தான். இந்த வலியில் மட்டும் அந்த உறவு பலிப்பதில்லை. மூன்றாவது, பாதி குறைந்ததை வெற்றி என்று எடுத்துக்கொள்வது. மைக்ரேனும் இண்டோமெதசினில் ஓரளவு குறையலாம்.

அந்தப் பெண் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் இரண்டு வேளை மாத்திரையை விட்டுவிட்டார். மறுநாள் வலி அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அவருக்குச் சங்கடம், டாக்டருக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

ஏன் இந்த ஒரு மாத்திரை மட்டும்? தெளிவான பதில் இன்னும் யாரிடமும் இல்லை. வலி நேரத்தில் மூளையைப் படம் பிடித்தபோது, இரண்டு வகையிலும் வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஹைப்போதலாமஸ் சுறுசுறுப்பாக இருந்தது. முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பும், கண்ணீரையும் மூக்குச் சளியையும் சுரக்க வைக்கும் நரம்புகளும் மூளைத்தண்டில் ஒன்றையொன்று தூண்டுவதால்தான் ஒரு கண் மட்டும் அழுகிறது. இண்டோமெதசின் இந்த வட்டத்தை எங்கே அறுக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனினும் இதுவும் ரசாயன அமைப்பில் ஒத்திருப்பதைக் கவனித்து, சிலர் மெலடோனினைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது, எல்லோருக்கும் இல்லை.

மெலடோனின் தேவைப்படுவதற்குக் காரணம் இண்டோமெதசினை நீண்ட நாள் தாங்க முடியாதவர்கள் இருப்பதுதான். வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் ஏறுவது, தலைசுற்றல் எல்லாமே நேரலாம். அப்படிப்பட்டவர்களுக்கு செலிகாக்ஸிப், டோபிரமேட், பராக்சிஸ்மல் வகைக்கு வெரபமில், பின்தலை நரம்பில் மரத்துப்போகும் ஊசி என்று மாற்றுகள் உண்டு. அவை இண்டோமெதசின் அளவுக்கு உறுதியாக வேலை செய்வதில்லை. மாத்திரை ஒத்துக்கொள்பவர்களுக்கும் 150 மில்லிகிராமே கதி என்றில்லை. வலி அடங்கிய பிறகு டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வலி எட்டிப்பார்க்காத மிகக் குறைந்த அளவில் நிறுத்துவார்கள். அந்தத் தையற்காரப் பெண்ணுக்கு அது 25 மில்லிகிராம், இரண்டு வேளை. சில மாதத்துக்கு ஒருமுறை அதையும் குறைத்துப் பார்க்கிறார்கள். சிலருக்கு ஒரு கட்டத்தில் மாத்திரையே தேவைப்படாமலும் போகிறது.