கர்ப்பகால இரத்தசோகையில் உயராத ஹீமோகுளோபின்: சமுதாய மகப்பேற்றுச் செவிலிய மாணவியருக்கான ஒரு விளக்கம்

முன்னுரை

கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ் குறைவது இரத்தசோகை எனப்படும். 10 முதல் 10.9 வரை இலேசானது. 7 முதல் 9.9 வரை மிதமானது. 7-க்குக் கீழ் கடுமையானது. 2018-இல் தொடங்கப்பட்ட இந்திய அரசின் இரத்தசோகை இல்லா பாரதம் திட்டம், முதல் இருநிலைகளுக்கும் 60 மி.கி. இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நாளொன்றுக்கு இரண்டு வீதம் பரிந்துரைக்கிறது. ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமேனும் உயர வேண்டும். உயராவிடில் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அவ்வாறு உயராதபோது செவிலியர் காரணத்தைக் கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு நிகழ்வு

கற்பித்தலுக்காக ஒரு நிகழ்வை அமைத்துக்கொள்ளலாம். கீரனூரை அடுத்த சிற்றூரில் வயல்வேலை செய்யும் 24 வயதுப் பெண்ணுக்கு 18-ஆம் வாரத்தில் ஹீமோகுளோபின் 8.8. அவருக்கு 60 மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. 28 நாள் கழித்து அளவு 9.0. “தவறாமல் சாப்பிடுகிறேன்” என்கிறார். ஆனால் வீட்டில் 38 மாத்திரைகள் எஞ்சியுள்ளன. நாளுக்கு இரண்டு வீதம் 56 தீர்ந்து நான்கே எஞ்சியிருக்க வேண்டும். அவர் உண்டவை 22 மட்டுமே. ஆகவே மருந்து பயனளிக்கவில்லை என முடிவுசெய்வதற்கு முன் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பது இன்றியமையாதது.

அளவீட்டையும் ஐயுற வேண்டும். விரல்நுனியை அழுத்திப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறைவாகத் தெரியும். முதல் துளியைத் துடைத்துவிட்டுத் தானாக வரும் துளியை எடுப்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே வகைக் கருவியைப் பயன்படுத்துவதும் இப்பிழையைக் குறைக்கும்.

பக்கவிளைவுகள்

அப்பெண் மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணங்கள் இரண்டு: நெஞ்செரிச்சலும் கறுப்பு மலமும். குடலில் உறிஞ்சப்படாத இரும்பு மலத்தைக் கறுப்பாக்குகிறது. இதனால் தீங்கில்லை, மாத்திரை உண்ணப்படுகிறது என்பதற்கு இது ஓர் அடையாளமும் ஆகும். ஆனால் தார்போல ஒட்டும் தன்மையும் கடும் துர்நாற்றமும் கொண்ட மலம், அல்லது தலைசுற்றலுடன் கூடிய கறுப்பு மலம், குடலில் இரத்தக்கசிவைக் குறிக்கலாம்; அவரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இவ்வேறுபாட்டை மாத்திரை கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிட்டால் அச்சம் எழாது.

வெறும்வயிற்றில் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். ஆயினும் குமட்டலும் எரிச்சலும் அப்போதே மிகும். தாங்க இயலாதவர் உணவுக்குச் சற்றுப் பின்னர் உண்ணலாம். உறிஞ்சுதல் ஓரளவு குறைந்தாலும், நிறுத்திவிடுவதைவிட இது மேலானது. மலச்சிக்கலுக்குக் கூடுதல் தண்ணீரும் கீரை, கொய்யா போன்ற நார்ச்சத்து உணவுகளும் உதவும்.

உணவும் வேளையும்

அப்பெண் மாத்திரையைத் தேநீருடனும், சில நாள்களில் கால்சியம் மாத்திரையுடனும் உண்டுள்ளார். இரண்டும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பவை. எனவே வேளைகள் மாற்றப்படுகின்றன: கால்சியம் மாத்திரைகள் காலை உணவுடனும் இரவு 7 மணி உணவுடனும், இரும்பு மாத்திரைகள் பிற்பகல் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும், தேநீர் மாலை 5 மணிக்கு.

முருங்கைக்கீரை, கம்பு, பயறுகள் ஆகியவற்றின் இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். அவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் உறிஞ்சுதல் கூடும். மீன், இறைச்சி ஆகியவற்றின் இரும்பு எளிதில் சேரும். எனினும் 8.8 என்னும் நிலையை உணவால் மட்டும் சரிசெய்ய இயலாது. உணவு மாத்திரைக்குத் துணையேயன்றி மாற்றன்று.

காத்திருத்தலின் எல்லை

மருத்துவ அலுவலரின் ஒப்புதலுடன் அப்பெண்ணுக்கு மேலும் நான்கு வாரங்கள் வாய்வழி மருத்துவம் தொடர்கிறது. 26-ஆம் வாரத்தில் அளவு 10.1, உயர்வு 1.1 கிராம். 11-ஐ எட்டும்வரை இரண்டு மாத்திரைகளும், பின்னர் நாளுக்கு ஒன்றும், மகப்பேற்றுக்குப்பின் 180 நாள்களுக்கு நாளுக்கு ஒன்றும் தொடர வேண்டும்.

இதே அளவு 34-ஆம் வாரத்தில் கண்டறியப்பட்டிருப்பின் இவ்வாறு காத்திருக்க இயலாது. பிரசவத்துக்குள் அளவை உயர்த்தப் போதிய காலமில்லாமையால் சிரைவழி இரும்பு மருந்துக்காக அவரை அனுப்ப வேண்டும். மாத்திரைகளை முறையாக உண்டும் அளவு உயராதவரையும் அனுப்புவதே முறை. அவருக்குத் தலசீமியாக் கூறு, வைட்டமின் பி12 குறைபாடு, கொக்கிப்புழுத் தொற்று ஆகியன உள்ளனவா என ஆராய வேண்டியிருக்கும்.

முடிவுரை

உயராத ஹீமோகுளோபினைக் காணும்போது செவிலியர் அறிய வேண்டியவை நான்கு: இரத்தம் முறையாக எடுக்கப்பட்டதா, மாத்திரைகள் எத்தனை எஞ்சியுள்ளன, அவை எதனுடன் உண்ணப்பட்டன, பிரசவத்துக்கு எத்தனை வாரங்கள் உள்ளன. முதல் மூன்றும் காரணத்தைக் காட்டும். நான்காவது, காத்திருக்கலாமா அனுப்ப வேண்டுமா என்பதை முடிவுசெய்யும்.