ஓரத்தில் எழுதிய கேள்வி

மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் நிபுணர் குழு 2011-இல் அளித்த அறிக்கையைப் பற்றி, பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பேசாதவர் இல்லை. முழுதும் படித்தவரோ அபூர்வம். மாநில எல்லையோரமான கோபாலபுரத்தில் குடியிருந்துகொண்டு, அதைப் படியாமல் அபிப்பிராயம் சொல்வது எனக்கே வெட்கமாயிருந்தபடியால், அச்செடுத்துத் தைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் முறை மஞ்சள் பேனாவால் கோடிழுத்துக்கொண்டே போனேன். ஒரு மாதம் கழித்து டீக்கடையில் நண்பர் ஒருவர், "மலையைக் கட்டம் கட்டமாப் பிரிச்சாங்களாமே, அது எப்படிங்க?" என்று கேட்டபோது, அந்தப் பக்கத்தின் மஞ்சள் நிறம் ஞாபகத்துக்கு வந்ததே தவிர, விஷயம் வரவில்லை.

கோடிழுத்த வாக்கியத்தை மறுபடி பார்க்கும்போது அது பழகிய முகம்போலத் தோன்றுகிறது. அந்தப் பழக்கத்தையே மனம் அறிவென்று எடுத்துக்கொள்கிறது. இந்த மயக்கத்தை அளந்து காட்டியவர்கள் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர். 2006-இல் வெளியான அவர்களுடைய பரிசோதனையில், மாணவர்கள் ஒரு சிறு கட்டுரையைப் படித்தபின், ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தார்கள். மற்றொரு சாரார் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழாயிற்று: 42-க்கு எதிராக 56. பவணந்தி முனிவர், கேட்டதை நினைத்தலையும் வினாவுதலையும் விடை சொல்லுதலையும் பாடம் பயிலும் இயல்பாகவே நன்னூலின் பாயிரத்தில் வைத்தாரென்பது, இதைப் படித்தபின்தான் எனக்கு அர்த்தமாயிற்று.

இரண்டாம் முறை பேனாவை மாற்றிப் பென்சிலை எடுத்தேன். ஒரு பகுதியைப் படித்து முடிக்கும்வரை ஒன்றும் எழுதுவதில்லை, முடித்தபின், அப்பகுதி எந்தக் கேள்விக்கு விடையோ, அந்தக் கேள்வியை மட்டும் ஓரத்தில் எழுதுவது, விடையை எழுதாமலிருப்பது. கட்டங்களைப் பற்றிய பகுதியில் முதலில் எழுதியது, "கட்டம் எவ்வளவு பெரிது?" என்பது. அட்சரேகை, தீர்க்கரேகைகளில் ஐந்து கலைக்கு ஒன்றாக, ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம். ஆனால் இது தகவல் கேள்வி. இதற்கு விடை தெரிந்ததனால் வாதம் விளங்கிவிடாது. அறிக்கை ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பெண் கொடுத்து, அதைக் கொண்டு மலையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. "ஒரே மதிப்பெண் பெற்ற கட்டம், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மண்டலத்திலும் அந்தப் பக்கம் வேறு மண்டலத்திலும் விழக்கூடுமா?" என்று அடுத்து எழுதினேன். இதற்கு விடை ஒரே வாக்கியத்தில் கிடைக்கவில்லை. முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டவேண்டியிருந்தது. கூடும் என்பதே விடை. ஏனெனில் மண்டலத்துக்குரிய மதிப்பெண் வரம்பு மாநிலவாரியாக, அந்தந்த மாநிலத்தில் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட காடுகளின் மதிப்பெண்ணை ஒட்டி நிர்ணயிக்கப்பட்டது. எல்லையில் வாழ்கிறவனுக்கு இதைவிட முக்கியமான விஷயம் அந்தக் கிரந்தத்தில் இல்லையென்றே சொல்வேன். மஞ்சள் கோடு அதைத் தொடக்கூட இல்லை.

கேள்விகளை எப்போது திரும்பப் பார்ப்பது? 2008-இல் செபேடா என்னும் உளவியலாளரும் அவர் குழுவினரும் 1,350-க்கும் மேற்பட்டவர்களிடம், இரண்டு படிப்புக்கும் இடையே விடும் இடைவெளியை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஒரு வாரத்துக்கு அப்பால் தேர்வென்றால் ஒருநாள் இடைவெளியும், ஒரு வருஷத்துக்கு அப்பாலென்றால் ஏறத்தாழ மூன்று வாரமும் சிறந்ததெனத் தெரிந்தது. எவ்வளவு காலம் ஞாபகம் வேண்டுமோ, அதற்குத் தக்கபடி இடைவெளியும் நீளவேண்டும். அவர்கள் பயன்படுத்தியவை தனித்தனித் துணுக்குச் செய்திகளாகையால், நீண்ட வாதமுள்ள நூலுக்கு இந்த எண்களை அப்படியே சட்டமாக்கிக் கொள்ளலாகாது. நான் மறுநாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டேன். பக்கத்தின் வலப்புறத்தைத் தாளால் மறைத்து, ஓரத்துக் கேள்வியை மட்டும் பார்த்து விடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகே தாளை விலக்குவது வழக்கமாயிற்று.

இதில் பிழை நேர்வதும் உண்டு. பக்கத்துக்குப் பத்துக் கேள்வி எழுதினால், மூன்றாம் வாரம் அலுத்துப்போய்ப் புத்தகத்தையே மூடிவிடுவோம். எனக்கு அப்படி ஓர் அத்தியாயம் வீணாயிற்று, இப்போது பகுதிக்கு இரண்டுக்குமேல் எழுதுவதில்லை. யோசியாமலே விடை வந்துவிட்டால் இடைவெளி குறுகியது என்று அர்த்தம். கேள்வியே புரியாமற்போனால் அதை அவசரத்தில் எழுதினோம் என்று அர்த்தம். இவ்விரண்டையும்விடக் கெடுதலானது, தப்பான விடை தைரியமாக வருவது. மூன்றாம் வாரம், தேசியப் பூங்காக்களெல்லாம் முதல் மண்டலத்தில் அடக்கம் என்று சந்தேகமின்றிச் சொன்னேன். தாளை விலக்கிப் பார்த்தால், அறிக்கை அவற்றை மண்டலக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டு, மறுநாள் தேதியையும் எழுதி வைத்தேன்.