காலை உணவும் உணவு வேளைகளும்: உடல் எடையை மாற்றுகின்றனவா?

காலை உணவைத் தவிர்த்தால் உடல் எடை கூடும் என்பதும், மூன்று வேளைக்குப் பதிலாக ஐந்தாறு முறை சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் எடை குறையும் என்பதும், எடைக் குறைப்புப் பற்றிப் பரவலாகக் கூறப்படும் இரண்டு அறிவுரைகள் ஆகும். இவ்விரண்டும் மனிதர்களிடம் நேரடியாகச் சோதிக்கப்பட்டுள்ளன. ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் மொத்த அளவு மாறாதபோது, காலையில் உண்பதோ உண்ணாமல் இருப்பதோ, வேளைகளின் எண்ணிக்கையோ எடையைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றுவதாக அச்சோதனைகள் காட்டவில்லை. ஆனாலும் நம்பிக்கை நீடிக்கிறது. அதற்குக் காரணம் ஆய்வுகள் இல்லாமை அன்று. ஒரு வகை ஆய்வின் முடிவை வேறு வகை ஆய்வின் முடிவாகப் படித்ததே ஆகும்.

நம்பிக்கையின் தோற்றம்

மக்களிடம் உணவுப் பழக்கத்தைக் கேட்டு, அவர்களின் எடையோடு ஒப்பிடும் ஆய்வுகள் அவதானிப்பு ஆய்வுகள் எனப்படும். இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், காலை உணவைத் தவிர்ப்பவர்கள் சராசரியாகச் சற்று அதிக எடை கொண்டவர்களாக இருந்தனர். அமெரிக்காவில் எடையைக் குறைத்து, அதைத் தக்கவைத்துக்கொண்டவர்களின் பதிவேடு ஒன்று உள்ளது. குறைந்தது 13.6 கிலோ எடையிழந்து, ஓராண்டாவது அந்நிலையில் இருப்பவர்களே அதில் சேரலாம். 2002-இல் அப்பதிவேட்டைச் சேர்ந்த 2,959 பேரின் விவரங்கள் வெளியிடப்பட்டன. அவர்களில் 78 விழுக்காட்டினர் நாள்தோறும் காலை உணவு உண்டனர். இந்த எண் பின்னர் எண்ணற்ற கட்டுரைகளில் சான்றாக எடுத்தாளப்பட்டது.

இந்த எண்ணில் தவறில்லை. ஆனால் காலையில் உண்டும் எடை குறையாதவர்கள் அந்தப் பதிவேட்டில் இடம்பெறவே முடியாது. வென்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி அவர்களின் பழக்கத்தைப் பார்த்தால், அப்பழக்கம்தான் வெற்றி தந்ததா, தோற்றவர்களிடமும் அது இருந்ததா என்பது தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. காலை உணவைத் தவிர்ப்பவர்களிடையே இரவு வெகுநேரம் விழித்திருப்பவர்களும், சுற்றுமுறைப் பணியில் இருப்பவர்களும், புகைபிடிப்பவர்களும் அதிகமாக இருக்கலாம். எடை கூடிவிட்டதே என்ற கவலையில் காலை உணவை நிறுத்தியவர்களும் அவர்களில் உண்டு. இந்தக் கடைசிப் பிரிவினரைப் பொறுத்தவரை காரணமும் விளைவும் தலைகீழாகின்றன. அவர்கள் உணவைத் தவிர்த்ததால் பருமனாகவில்லை, பருமனானதால் தவிர்த்தார்கள்.

குலுக்கலில் பிரித்துப் பார்த்தபோது

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வழி, பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரிப்பதாகும். யார் காலையில் உண்பது, யார் தவிர்ப்பது என்பதை அவரவர் விருப்பத்திற்கு விடாமல் குலுக்கல் முடிவுசெய்தால், தூக்கம், புகை, பணிநேரம் போன்ற மற்ற வேறுபாடுகள் இரு குழுக்களிலும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும்.

இவ்வாறு நடந்த முதல் ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்லண்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்டது. உடற்பருமன் கொண்ட 52 பெண்கள் 12 வாரம் நாளொன்றுக்கு 1,200 கலோரி உணவுத்திட்டத்தைப் பின்பற்றினர். ஏற்கெனவே காலையில் உண்ணும் பழக்கம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என முதலில் அவர்கள் வகுக்கப்பட்டனர். பிறகு ஒவ்வொரு வகையினரும் உண்பவர், தவிர்ப்பவர் எனக் குலுக்கலில் பிரிக்கப்பட்டனர்.

வழக்கமாக உண்பவர்களில், தொடர்ந்து உண்டவர்கள் 6.2 கிலோ இழந்தனர். தவிர்க்கச் சொல்லப்பட்டவர்கள் 8.9 கிலோ இழந்தனர். வழக்கமாகத் தவிர்ப்பவர்களில், தொடர்ந்து தவிர்த்தவர்கள் 6.0 கிலோவும், உண்ணச் சொல்லப்பட்டவர்கள் 7.7 கிலோவும் இழந்தனர். அதாவது ஒரு வகையினருக்குத் தவிர்ப்பதும் மற்றொரு வகையினருக்கு உண்பதும் கூடுதல் எடையிழப்போடு சேர்ந்து வந்தன. இரண்டு இடங்களிலும் பொதுவாக இருந்தது பழக்கத்தை மாற்றியது ஒன்றே. பங்கேற்பாளர்கள் நான்காகப் பிரிந்ததால் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு டஜன் பேர் அளவே இருந்தனர். ஆகவே அந்த விளக்கத்தையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

இந்த ஆய்வு பின்னாளில் எப்படி மேற்கோள் காட்டப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. காலை உணவு எடையைக் குறைக்கிறது என்பதற்கான சான்றாக இது பலமுறை எடுத்தாளப்பட்டது; 8.9 கிலோ இழந்த தவிர்ப்பவர்கள் மறக்கப்பட்டனர். 2013-இல் பிரவுன், ஆலிசன் ஆகியோர் இணைந்து எழுதிய கட்டுரை இத்தகைய திரிபுகளைத் தொகுத்துக் காட்டியது. ஆய்வாளர்களே தாம் நம்புவதற்கு ஏற்றவாறு பிறர் ஆய்வைப் படித்திருந்தனர் என்பதே அதன் குற்றச்சாட்டு.

அடுத்த ஆண்டு, 2014-இல், அதே ஆலிசன் இடம்பெற்ற அலபாமா ஆய்வுக்குழு பெரிய சோதனை ஒன்றின் முடிவை வெளியிட்டது. எடை குறைக்க விரும்பிய 309 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு குழுவுக்குக் காலையில் உண்ணுமாறும், மற்றொரு குழுவுக்குத் தவிர்க்குமாறும் கூறப்பட்டது. மூன்றாவது குழுவுக்குக் காலை உணவைப் பற்றி எதுவும் சொல்லாத பொதுவான ஊட்டச்சத்துக் கையேடு தரப்பட்டது. 16 வாரங்களுக்குப் பின் மூன்று குழுக்களின் எடையிழப்பிலும் வேறுபாடு காணப்படவில்லை. பங்கேற்பாளர்கள் அறிவுரையைப் புறக்கணித்துவிட்டார்கள் என்றும் கூற முடியாது. அவர்கள் அளித்த தகவலின்படி காலைப் பழக்கம் மாறியிருந்தது. எடைதான் அதற்கேற்ப மாறவில்லை.

உடல் ஈடுசெய்யும் விதம்

காலையில் ஒரு வேளை உணவு குறைந்தால் எடையும் குறைய வேண்டுமே என்ற கேள்வி எழும். மதியம் அதிகமாகச் சாப்பிட்டு ஈடுகட்டிவிடுவார்கள் என்பது வழக்கமான விடை. அது ஓரளவே உண்மை என்பதை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

2014-இல் வெளியான அந்த ஆய்வில் ஒல்லியான 33 பேர் ஆறு வாரம் கண்காணிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் காலை 11 மணிக்குள் குறைந்தது 700 கலோரி உண்டனர். மற்றவர்கள் நண்பகல் வரை நீர் மட்டும் அருந்தினர். காலையில் உண்டவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 539 கலோரி அதிகமாக உண்டனர். அதாவது, தவிர்த்தவர்கள் விட்டதைப் பின்னர் முழுவதுமாக ஈடுசெய்யவில்லை. அப்படியானால் அவர்கள் இளைத்திருக்க வேண்டும். ஆனால் இரு பிரிவினரின் எடை மாற்றத்திலும் வேறுபாடு இல்லை.

விடை அவர்களின் அசைவில் இருந்தது. உடலில் பொருத்திய கருவிகளின் அளவீட்டின்படி, காலையில் உண்டவர்கள் உடல் அசைவின் மூலம் நாளொன்றுக்கு 442 கலோரி கூடுதலாகச் செலவிட்டனர். வெறும் வயிற்றோடு இருந்தவர்கள் தம்மை அறியாமலே குறைவாக அசைந்தனர். அவர்கள் உடற்பயிற்சியை நிறுத்தியதால் மட்டும் இது நேரவில்லை. எழுந்து நடப்பது, நிற்பது போன்ற சிறு அசைவுகளிலேயே பெரும்பகுதி கழிந்தது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலோ ஆறு வாரமும் ஏறக்குறைய மாறவில்லை. காலையில் உண்ணாவிட்டால் ‘வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும்’ என்ற கூற்றுக்கு இங்கு ஆதரவு கிடைக்கவில்லை. உடற்பருமன் உள்ள 23 பேரிடம் அதே குழு நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனையிலும் எடையில் வேறுபாடு இல்லை.

மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இத்தகைய 13 சோதனைகளைத் தொகுத்தனர். அவற்றுள் எடையை அளந்த ஏழில், காலையில் உண்டவர்களைவிடத் தவிர்த்தவர்கள் சராசரியாக 0.44 கிலோ குறைவாக இருந்தனர். இதை வைத்துக் காலை உணவை நிறுத்தினால் இளைக்கலாம் என்று திருப்பிச் சொல்வதும் தவறாகும். வேறுபாடு அரை கிலோவுக்கும் குறைவு. சோதனைகளின் சராசரிக் காலம் ஏழு வாரம் மட்டுமே. அவற்றின் தரமும் உயர்ந்ததன்று என்று தொகுத்தவர்களே எழுதியுள்ளனர்.

சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது

இந்த அறிவுரையின் வேர் 1964-இல் பிராகில் ஃபாப்ரி என்பவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. 60 முதல் 64 வயதுக்குட்பட்ட 379 ஆண்களில், நாளில் அதிக முறை உண்பவர்களிடையே பருமன் குறைவாகக் காணப்பட்டது. இதுவும் அவதானிப்பு ஆய்வே. இங்கு முன்னர் கண்ட சிக்கலோடு மற்றொன்றும் சேர்கிறது: மக்கள் தாம் உண்டதைச் சரியாகச் சொல்வதில்லை. எவ்வளவு குறைத்தாலும் இளைக்கவில்லை என்று முறையிட்ட பருமனானவர்களை ஆராய்ந்த 1992-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்றில், அவர்கள் உண்மையில் உண்டதைவிட 47 விழுக்காடு குறைவாகத் தெரிவித்திருந்தனர். விடுபட்டவற்றில் இடைத்தீனியும் இருந்தால், கணக்கில் வேளைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். அப்போது பருமனானவர்கள் ‘குறைந்த முறை உண்பவர்கள்’ போலத் தோன்றுவார்கள்.

அடிக்கடி உண்டால் செரிமானத் தீ அணையாது என்ற விளக்கமும் உண்டு. உணவைச் செரித்துச் சேமிக்க உடல் கொஞ்சம் ஆற்றலைச் செலவிடுவது உண்மை. கலப்பு உணவில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒருவர் நாளுக்கு 1,800 கலோரி உண்பதாகக் கொள்வோம். 600 கலோரியாக மூன்று வேளை உண்டால் ஒவ்வொரு முறையும் 60 கலோரி செலவாகும், மொத்தம் 180. 300 கலோரியாக ஆறு வேளை உண்டால் ஒவ்வொரு முறையும் 30 கலோரி. மொத்தம் அதே 180. அடுப்பை அடிக்கடி பற்றவைத்தாலும் விறகின் அளவு ஒன்றே.

கனடாவில் 2010-இல் வெளியான சோதனை இதை உறுதிசெய்கிறது. உடற்பருமன் கொண்ட 16 பேருக்கு ஒரே அளவு கலோரி குறைக்கப்பட்டது. ஒரு பிரிவினர் மூன்று வேளை உண்டனர். மற்றவர்கள் மூன்று வேளையோடு மூன்று இடைத்தீனியும் உண்டனர். எட்டு வாரத்தில் இரு பிரிவினரும் ஏறக்குறைய சமமாக, உடல் எடையில் ஐந்து விழுக்காடு அளவு இழந்தனர். அடிக்கடி உண்டால் பசி அடங்கும் என்பதும் உறுதியில்லை. 2013-ஆம் ஆண்டின் கொலராடோ ஆய்வில் ஆறு வேளையாகப் பிரித்து உண்டபோதே பசியும் உண்ணும் ஆசையும் அதிகமாக இருந்தன. ஆய்வகத்துக்கு வெளியே இதன் பொருள் எளிது. ஆறு சிறு உணவு என்று திட்டமிட்டவர், தேநீரோடு இரண்டு வடையைச் சேர்த்துக்கொண்டால் அது ஆறு நடுத்தர உணவாகிவிடும்.

சான்றுகளின் எல்லை

மேற்கண்ட சோதனைகள் எடையை மட்டும் பற்றியவை. வளரும் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இம்முடிவுகளைப் பொருத்த முடியாது. மேலும் இவை பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தவை. இட்லியும் சோறும் முதன்மையாக உள்ள உணவுமுறையில் இதே அளவு விரிவாகச் சோதிக்கப்படவில்லை.

தம்மளவில் சோதித்துப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் முதல் வாரம். உடலின் நீரும் குடலில் உள்ள உணவும் மாறுவதாலேயே எடை ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையே ஒரு கிலோ வரை ஏறி இறங்கக்கூடும். காலை உணவை நிறுத்திய மூன்றாம் நாள் அரை கிலோ குறைந்தால் அது கொழுப்பாக இருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் காலையில் கழிவறை சென்று வந்தபின் எடை பார்த்து, அதன் வாரச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு நான்கு வாரமாவது ஒப்பிட்டால்தான் போக்கு தெரியும்.

இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்கு இச்சோதனை உகந்ததன்று. மருந்தை வழக்கம்போல் எடுத்துவிட்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றித் தந்த பிறகே அவர்கள் உணவு நேரத்தை மாற்ற வேண்டும்.