குற்றாலத்து எண்ணெய்த் துண்டு

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் விடுதிக்காரர்களுக்கெல்லாம் கொண்டாட்டம். லாண்டரியில் இருப்பவர்களுக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கத்தான் அப்போதெல்லாம் பாதிப் பேர் இங்கே வந்தார்கள். அருவி அத்தனை எண்ணெயையும் அடித்துக்கொண்டு போய்விடாது. மிச்சம், அறைக்குத் திரும்பியதும் விடுதியின் வெள்ளை டவலில் இறங்கும்.

அங்கே 30 அறை கொண்ட ஒரு விடுதியில் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பில் இருந்தேன். சேர்ந்த முதல் சீசனிலேயே டவல் தட்டுப்பாடு. காலை 11 மணிக்கு அறை காலியாகும், 12 மணிக்கு அடுத்த குடும்பம் வந்து நிற்கும். டவலோ டிரையருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். பதிவேட்டைப் புரட்டினால் 180 டவல் என்று இருக்கிறது. அறைக்கு 2 வீதம் எல்லா அறைக்கும் ஒரு முறை வைக்க 60 போதும். இந்த 60-ஐத்தான் ஒரு 'பார்' என்பார்கள். அறையில் ஒரு பார், லாண்டரியில் ஒரு பார், அலமாரியில் ஒரு பார் என்று மூன்றாவது இருந்தால்தான் சக்கரம் சுற்றும். அலமாரியில் இருப்பது சும்மா கிடப்பதாகத் தோன்றும். அப்படியல்ல. வெந்நீரிலும் சூட்டிலும் அடிபட்ட பருத்தி நூல் ஒரு நாளாவது கிடந்து காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். சுடச்சுட எடுத்து விரித்துக்கொண்டே இருந்தால் துணி சீக்கிரம் நைந்துவிடும்.

மூன்று பார் இருந்தும் ஏன் பற்றவில்லை? ஒரு நாள் இரவு 10 மணிக்கு மேல் ஒரு துணியும் இடம் மாறக் கூடாது என்று சொல்லிவிட்டு எண்ணினோம். அறைகளில் 60. மாடிக்கு மாடி இருக்கும் பேன்ட்ரிகளில் 38. லாண்டரியில் 41. ஸ்டோரில் 12. ஆக மொத்தம் 151. பேருக்குத்தான் மூன்று பார், கையில் இருந்தது இரண்டரை. காணாமல் போன 29-இல் எல்லாமே விருந்தினர் பெட்டியில் ஏறிப் போனவை அல்ல. மறுநாள் தேடியதில், கறை போகவில்லை என்று தனியே கட்டிப்போட்ட மூட்டை ஒன்று லாண்டரி மூலையில் கிடைத்தது. தரை துடைக்கும் துணியாகச் சிலது மாறியிருந்தன. ரூம் பையன் ஒருவன் ஆறு டவலைக் குளியலறைப் பரணில் ஒளித்து வைத்திருந்தான். தட்டுப்பாடு வந்தால் பதுக்கல் வரும், பதுக்கினால் தட்டுப்பாடு கூடும். அவனைத் திட்டி என்ன பயன்?

அந்தக் கறை மூட்டையை அவிழ்த்தபோதுதான் நோய் எங்கே என்று தெரிந்தது. ஊறிப்போன நல்லெண்ணெய் வாடை. வெள்ளையாகத் தெரிந்த டவலில்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நல்ல டவல் என்றால் சட்டென்று உறிஞ்ச வேண்டும். அது தாமரை இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது. எண்ணெய் போகவில்லை, ப்ளீச்சிங் போட்டு நிறத்தை மட்டும் வெளுத்திருக்கிறார்கள். ப்ளீச்சுக்கு நிறத்தை அழிக்கத் தெரியும், எண்ணெயைக் கரைக்கத் தெரியாது. கூடுதலாகப் போட்டால் நூல்தான் அறும்.

எண்ணெய்க்கு வேண்டியது சூடும் காரமும். முதலில் எண்ணெய் டவலைப் படுக்கை விரிப்போடு சேர்க்காமல் பிரிக்க வேண்டும். சேர்த்தால் எண்ணெய் விரிப்புக்கும் தாவும். 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீர், காரம் கூடிய சோப்பு, எண்ணெயைப் பிரித்தெடுக்கும் திரவம், எல்லாவற்றுக்கும் மேல் மெஷினில் இடம். 25 கிலோ மெஷினில் 20 கிலோவுக்கு மேல் அடைத்தால் துணி விழுந்து அடிபட இடமிருக்காது. எண்ணெய் மிச்சமிருக்கும் டவலை டிரையரிலிருந்து சூடாக எடுத்துக் குவித்து வைப்பதும் ஆபத்து. உள்ளே சூடு ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் டிரையர் கடைசியில் சில நிமிடம் குளிர்ந்த காற்றில் ஓடுகிறது. அவசரத்தில் அதைப் பாதியில் நிறுத்துவதுதான் நம் ஆட்கள் வழக்கம்.

மஞ்சள் கறையின் குணம் வேறு. புதிதாக வந்த பையன் ஒருவன் மஞ்சள் பட்ட விரிப்பில் சோப்பைத் தேய்த்துவிட்டு, ரத்தமாகிவிட்டதே என்று பதறி ஓடி வந்தான். எங்கள் லாண்டரியில் மூத்தவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “மஞ்சள்ல காரம் பட்டா செவக்கத்தாம்ல செய்யும். அலசு, பழையபடி ஆயிரும்.” வெயில் இருந்தால் மஞ்சள் தானாகவே வெளுக்கும். சாரல் காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? பெராக்சைடுதான். உண்மையான ரத்தக் கறைக்கோ பச்சைத் தண்ணீர்தான் மருந்து. வெந்நீர் பட்டால் அது துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் பணமாக எங்கே தெரிகிறது? ஓர் அறையின் துணி ஏறக்குறைய 3 கிலோ. 30 அறையும் நிரம்பினால் நாளுக்கு 90 கிலோ, மாதம் 2,700 கிலோ. மூன்று பேர் சம்பளம் 45,000 ரூபாய். மெஷின் தேய்மானம் 10,000, பராமரிப்பு 5,400. இந்த 60,400 ரூபாய் துவைத்தாலும் துவைக்காவிட்டாலும் உண்டு. மின்சாரம் 30,000, தண்ணீர் 6,750, சோப்பு வகையறா 10,800 என்று துவைக்கத் துவைக்க ஏறும் செலவு 47,550. கிலோவுக்கு 17 ரூபாய் 60 காசு. இரண்டையும் கூட்டி 2,700-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 40 ரூபாய். சீசன் முடிந்து 12 அறைதான் நிரம்புகிறது என்றால் அதே லாண்டரியில் கிலோவுக்கு 73 ரூபாய்க்கு மேல் ஆகும். யாரும் தப்புச் செய்யவில்லை, எடைதான் குறைந்தது.

வெளியே ஒருவர் 35 ரூபாய்க்குத் துவைத்துத் தருகிறேன் என்று வந்தார். ஓர் அறைத் துணியின் விலை 2,300 ரூபாய். 150 சலவை தாங்கினால் கிலோவுக்கு 5 ரூபாய்த் துணி தேய்கிறது. ப்ளீச்சை அள்ளிப் போட்டு அவர் அதை 75 சலவையில் கிழித்தால் தேய்மானம் 10 ரூபாய். மிச்சமாகும் என்று நினைத்த 5 ரூபாய் அதிலேயே போயிற்று.

எங்கள் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. எண்ணெய் போகாமல் திரும்பத் துவைத்த 270 கிலோவையும் துவைத்த எடையில் சேர்த்துக்கொண்டிருந்தோம். செலவு 1,12,700-க்கு ஏறியும், 2,970-ஆல் வகுத்ததால் கிலோவுக்கு 38 ரூபாய் என்று வந்தது. தப்பாகத் துவைத்தால் செலவு குறைகிறதாம்! அலமாரிக்குப் போன சுத்தமான 2,700 கிலோவால் வகுத்தால் உண்மை விலை 42 ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு.

அடுத்த ஜூலையில் காப்பிப்பொடி நிறத்தில் மெல்லிய துண்டுகள் வாங்கி ரிசப்ஷனில் வைத்தோம். அருவிக்குப் போகிறவர்கள் முன்பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் அதோடு நின்றது. வெள்ளை டவல் குறைவாக அழுக்கானதால் மொத்த எடை நாளுக்கு 84 கிலோவானது, மறுசலவையும் அநேகமாக நின்றுபோனது. மாதக் கடைசியில் முதலாளி காகிதத்தைப் பார்த்துவிட்டு, “என்னய்யா, போன வருஷம் கிலோ 38-ன்னு காட்டினீங்க, இப்போ 41 ரூபாய் 50 காசுக்கு மேல நிக்குது?” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மொத்தச் செலவு எழுதியிருந்த வரியில் விரலை வைத்தேன். போன வருஷத்தைவிட ஏறக்குறைய 8,000 ரூபாய் குறைந்திருந்தது.